மனசு வைக்க மாட்டாரா? ‘விஷ்’ஷுக்குப் பின்னால் வரும் ‘வுட்’

“ஐ விஷ் மை பிரதர் ____ டவுன் தி டிவி.”

கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ‘டர்ன்ஸ்’, ‘வில் டர்ன்’, ‘வுட் டர்ன்’, ‘ஹேஸ் டர்ன்ட்’ என்று நான்கு வாய்ப்புகள் கொடுத்திருக்கிறார்கள். நம்மில் நிறையப் பேருடைய கை ‘வில் டர்ன்’ பக்கம்தான் போகும். அதற்குக் காரணமும் இருக்கிறது. அண்ணன் இன்னும் சத்தத்தைக் குறைக்கவில்லை, இனிமேல்தான் குறைக்க வேண்டும். இனிமேல் நடக்க வேண்டியது எதிர்காலம், எதிர்காலத்துக்கு ‘வில்’ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் சரியான விடை ‘வுட் டர்ன்’.

இதை விளக்கும்போது வகுப்புகளில் வழக்கமாக ஒரு விதி சொல்வார்கள்: நடக்காத ஆசைக்கு ‘விஷ்’, நடக்கக் கூடியதற்கு ‘ஹோப்’. எனக்குச் சிறகு இருந்தால் என்று ஏங்கினால் ‘விஷ்’, நாளைக்கு ரயில் நேரத்துக்கு வரும் என்று எதிர்பார்த்தால் ‘ஹோப்’. மேலோட்டமாக விதி சரிதான். ஆனால் டிவி வாக்கியத்தில் அது சறுக்கிவிடுகிறது. அண்ணன் கையிலேயே ரிமோட் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் சத்தம் குறைந்துவிடும். இதில் நடக்க முடியாதது எதுவுமே இல்லை. விதிப்படி பார்த்தால் இங்கே ‘ஹோப்’தான் வந்திருக்க வேண்டும். வாக்கியம் ‘விஷ்’ என்று தொடங்குகிறது, யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை.

அடுத்தவர் பழக்கத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் வாக்கியங்களில், நடக்குமா நடக்காதா என்பது கேள்வியே இல்லை. அந்த ஆள் மனசு வைப்பாரா மாட்டாரா என்பதுதான் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டால் கோடிட்ட இடம் ஏறக்குறைய தானாகவே நிரம்பிவிடும்.

‘வில்’ என்ற சொல் முதலில் எதிர்காலத்தைக் காட்டப் பிறந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரும்புதல் என்று பொருள். அந்தப் பழைய பொருள் இன்றும் முழுவதும் உதிர்ந்துவிடவில்லை. “ஹி வோன்ட் லிசன்” என்று ஒருவர் சொன்னால், நாளைக்குக் கேட்க மாட்டான் என்று ஜோசியம் சொல்லவில்லை. சொன்னால் கேட்க மாட்டேங்கிறான் என்கிறார். “தி கார் வோன்ட் ஸ்டார்ட்” என்றால் வண்டி கிளம்ப மாட்டேங்குது. இந்த ‘மாட்டேங்கிறான்’ பிடிவாதத்தைத்தான் ‘வோன்ட்’ சொல்கிறது.

அண்ணன் சத்தத்தைக் குறைக்க மாட்டேங்கிறான் என்பது இப்போதைய உண்மை, “ஹி வோன்ட் டர்ன் டவுன் தி டிவி”. அதற்கு மாறாக நான் ஆசைப்படுவது, குறைக்க மாட்டானா என்பது. உண்மைக்கு மாறான ஆசையைச் சொல்லும்போது ஆங்கிலம் வினைச்சொல்லை ஒரு படி பின்னால், இறந்தகால வடிவத்துக்குத் தள்ளும். காலம் கடந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, உண்மையிலிருந்து விலகி நிற்கிறோம் என்பதற்கான அடையாளம் அது. ‘வில்’லின் இறந்தகால வடிவம் ‘வுட்’. ஆகவே “ஐ விஷ் ஹி வுட் டர்ன் டவுன் தி டிவி”. ‘விஷ்’ஷோடு ‘வுட்’ வரும் குறைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ‘வோன்ட்’ ஒளிந்திருக்கும். ஒருவர் செய்ய மறுப்பதைச் செய்யச் சொன்னால் ‘வுட்’. விடாமல் செய்துகொண்டிருப்பதை நிறுத்தச் சொன்னால் ‘வுடன்ட்’.

தனித்தனி வாக்கியங்களை விட ஒரு பத்தியை நிரப்பிப் பார்ப்பது நல்லது. சித்தப்பா மகனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஓர் இளைஞன் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“ஐ ஷேர் எ ரூம் வித் மை கசின். ஹி இஸ் ஆல்வேஸ் டேக்கிங் மை சார்ஜர். ஐ விஷ் ஹி (1) ____ மி ஃபர்ஸ்ட். ஹி ரீட்ஸ் டில் டூ இன் தி மார்னிங். ஐ விஷ் ஹி (2) ____ தி லைட் ஆன். ஐ விஷ் ஐ (3) ____ எ ரூம் ஆஃப் மை ஓன். ஹி ஹேஸ் அன் இன்டர்வியூ ஆன் மண்டே. ஐ ஹோப் ஹி (4) ____ தி ஜாப். லாஸ்ட் சண்டே ஹி ப்ராமிஸ்ட் டு க்ளீன் தி ரூம். ஐ ஹோப்ட் ஹி (5) ____ இட் பிஃபோர் ஐ கேம் பேக். ஹி டிடன்ட்.”

நிரப்ப வேண்டிய வினைச்சொற்கள் வரிசையாக: ‘ஆஸ்க்’, ‘நாட் லீவ்’, ‘ஹேவ்’, ‘கெட்’, ‘டூ’.

முதல் இடத்துக்கு முந்தைய வாக்கியமே வழிகாட்டுகிறது. “ஹி இஸ் ஆல்வேஸ் டேக்கிங்” என்று ‘ஆல்வேஸ்’ஸோடு ‘இங்’ சேர்ந்து வந்தால், பேசுகிறவருக்கு எரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். எப்பப் பாரு என் சார்ஜரை எடுத்துட்டுப் போறான் என்கிற தொனி அது. வெறுமனே “ஹி ஆல்வேஸ் டேக்ஸ்” என்றிருந்தால் தகவலோடு நின்றுவிடும். அந்த எரிச்சலைத் தொடர்ந்து, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்க மாட்டானா என்று வருகிறது. கேட்பது அவன் மனசு வைத்தால் நடக்கும் காரியம். விடை ‘வுட் ஆஸ்க்’.

இரண்டாவதில் அவன் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். விளக்கை எரிய விட்டுவிடுகிறான், அப்படி விடாமல் இருக்க மாட்டானா. விடை ‘வுடன்ட் லீவ்’. எதிர்மறை எப்போதும் இரண்டாவது வினைச்சொல்லில்தான் ஏறும். “ஐ டோன்ட் விஷ் ஹி வுட்” என்று முன்னால் கொண்டுபோய் வைத்தால் வாக்கியம் குலைந்துவிடும்.

இதே இடத்தில் ‘டிடன்ட் லீவ்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதைத் தவறு என்று அடித்துவிடுவது நியாயமில்லை. “ஐ விஷ் ஹி டிடன்ட் லீவ் தி லைட் ஆன்” என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். வேறுபாடு மனநிலையில் இருக்கிறது. ‘டிடன்ட்’ போட்டால், இப்படி ஒரு பழக்கம் அவனுக்கு இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற வருத்தம். அவன் குணம் அப்படி, என்ன செய்வது என்று கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது. ‘வுடன்ட்’ போட்டால் எரிச்சல் கூடுகிறது, அவன் நினைத்தால் நிறுத்தலாம், நிறுத்த மாட்டேங்கிறானே என்ற குற்றச்சாட்டு சேர்கிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் எது வேண்டும் என்று வாசகருக்குத் தெரிய, பக்கத்தில் ஓர் எரிச்சல் வாக்கியமோ ஒரு சூழ்நிலையோ கொடுத்திருக்க வேண்டும். கேள்வித்தாள்களில் இதுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. “ஐ விஷ் ஷி ____ ஸோ லவுட்லி” என்று ஒற்றை வாக்கியத்தைத் தொங்கவிட்டு, ‘நாட் டாக்’ என்ற வினையைக் கொடுத்து, ‘வுடன்ட் டாக்’ மட்டுமே சரி என்று விடைத்தாளில் போட்டால், ‘டிடன்ட் டாக்’ எழுதியவர் காரணமில்லாமல் மதிப்பெண்ணை இழக்கிறார். ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ 1985-ல் முதலில் வெளிவந்த புத்தகம், இன்றும் மாணவர்கள் மேஜையில் இருப்பது. அதில் இந்த வகைப் பயிற்சிகளில் முதலில் ஒரு சூழ்நிலையைச் சொல்லிவிட்டுத்தான் வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். அதுதான் நேர்மையான முறை.

மூன்றாவதுக்கு விடை ‘ஹேட்’. இங்கே யாருடைய பிடிவாதத்தையும் பற்றிய பேச்சு இல்லை. எனக்குத் தனி அறை இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ‘ஐ விஷ்’ஷுக்குப் பிறகு மறுபடியும் ‘ஐ’ வந்தால் ‘வுட்’டைத் தொடாமல் இருப்பது நல்லது. காலையில் சீக்கிரம் எழ முடியவில்லை என்று வருந்துகிறவர் “ஐ விஷ் ஐ வுட் கெட் அப் எர்லியர்” என்று எழுதினால் வினோதமாக ஒலிக்கும். என் மனசு என் கையில்தானே இருக்கிறது, நானே மனசு வைக்க மாட்டேனா என்று நானே குறைப்பட்டுக்கொள்வது எப்படி? அந்த இடத்தில் ‘குட்’ வரும்: “ஐ விஷ் ஐ குட் கெட் அப் எர்லியர்”. முடியவில்லையே என்கிற ஆதங்கம் அது.

இந்தப் பத்தியிலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது நான்காவது இடம். திங்கட்கிழமை நேர்காணல். முடிவு என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன், கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். “ஐ ஹோப் ஹி வில் கெட் தி ஜாப்.” இதில் எரிச்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ‘வில்’ இங்கே சாதாரண எதிர்காலம்தான்.

இதை ‘விஷ்’ஷாகவும் ‘வுட்’டாகவும் மாற்றிப் பாருங்கள். “ஐ விஷ் ஹி வுட் கெட் எ ஜாப்.” இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. வேலை வெட்டிக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, ஒரு வேலையைத் தேடிக்கொள்ள மாட்டானா என்று ஆகிவிடுகிறது. முதல் வாக்கியத்தைச் சித்தப்பா கேட்டால் வாழ்த்து என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறவர் தெரியாமல் இரண்டாவதை எழுதிவிட்டால், இலக்கணம் பார்க்கும் ஆசிரியருக்குக்கூட அதில் தவறு கண்ணில் படாது. ஆகவே இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை.

‘ஹோப்’புக்குப் பிறகு ‘வில்’ இல்லாமல் நிகழ்கால வினை வந்தாலும் சரிதான். “ஐ ஹோப் ஹி கெட்ஸ் தி ஜாப்” என்பது பேச்சில் சகஜம். விடைத்தாளில் ‘வில் கெட்’ மட்டும் இருந்தாலும் ‘கெட்ஸ்’ஸுக்கும் மதிப்பெண் தர வேண்டும். தரக்கூடாதது “ஐ ஹோப் ஹி வுட் கெட்” என்பதற்கு. நம் ஊர் விண்ணப்பங்களிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் இது தாராளமாகப் புழங்குகிறது. ‘வுட்’ போட்டால் மரியாதை கூடும் என்ற நினைப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம். ‘வுட் யூ’ என்று கேட்பது பணிவு என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஆனால் நிகழ்காலத்தில் நிற்கும் ‘ஹோப்’புக்குப் பின்னால் அந்தப் பணிவு வேலை செய்யாது.

ஐந்தாவது இடம் இதற்கு விலக்கு போலத் தெரியும். அங்கே ‘ஹோப்’ இல்லை, ‘ஹோப்ட்’ இருக்கிறது. நான் வருவதற்குள் சுத்தம் செய்வான் என்று அன்றைக்கு நம்பினேன். நம்பிக்கையே இறந்தகாலத்துக்குப் போய்விட்டதால் அதற்குள் இருந்த ‘வில்’லும் கூடவே ‘வுட்’டாக மாறுகிறது. விடை ‘வுட் டூ’. அவசரத்தில் படிக்கிறவர் கண்ணுக்கு ‘ஹோப்’ என்ற எழுத்துகள் மட்டும் பட்டு ‘வில்’ எழுதிவிடுவார். கேள்வி தயாரிப்பவர்கள் அந்த இடத்தை வேண்டுமென்றே அப்படி வைப்பதும் உண்டு.

காதில் விழும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. பேச்சில் ‘ஹி வுட்’ என்பது ‘ஹீட்’ என்று சுருங்கிவிடும். ‘ஹி ஹேட்’ என்பதும் அதே ‘ஹீட்’தான். எழுத்திலும் ஒரு மேற்புள்ளியும் ஒரு ‘டி’ எழுத்தும் மட்டுமே மிஞ்சும். அது எது என்று பின்னால் வரும் வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். “ஐ விஷ் யூட் டெல் மி” என்று ‘டெல்’ மூல வடிவில் இருந்தால் அது ‘வுட்’, என்னிடம் சொல்ல மாட்டீங்களா என்று இப்போது கேட்பது. “ஐ விஷ் யூட் டோல்ட் மி” என்றால் அது ‘ஹேட்’, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா என்று முடிந்துபோனதற்கு வருந்துவது. சுருக்கத்தை அச்சிட்டுவிட்டு அடுத்த வினையை மட்டும் கோடிட்டுக் கேட்கும் பயிற்சிகள் உண்டு. அப்போது வாக்கியத்தில் ‘எஸ்டர்டே’ போன்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். “ஐ விஷ் யூட் ____ மி எஸ்டர்டே” என்றிருந்தால் ‘டெல்’லுக்கு அங்கே இடமே கிடையாது. நேற்றைக்கு யாரும் இன்றைக்கு மனசு வைக்க முடியாது.

மனிதர்களுக்குத்தானே மனசு உண்டு, மழைக்கு ஏது என்று கேட்கலாம். ஆங்கிலம் இங்கே மழையையும் பேருந்தையும் ஆளாகவே நடத்துகிறது. வெளியே கிளம்ப வேண்டிய நேரத்தில் விடாமல் பெய்துகொண்டிருந்தால் “ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெய்னிங்”, இந்த மழை நிற்காதா. நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கும்போது “ஐ விஷ் தி பஸ் வுட் கம்”, பஸ் வந்து தொலைக்காதா. இப்போதே கண்முன்னால் அடம்பிடிப்பது போலத் தோன்றும் எதற்கும் இது பொருந்தும். நாளைய மழையைப் பற்றிப் பேசினால் இது எடுபடாது. நாளைக்கு இன்னும் எதுவும் அடம்பிடிக்கத் தொடங்கவில்லை. அதற்கு “ஐ ஹோப் இட் வோன்ட் ரெய்ன் டுமாரோ” என்பதுதான் வழி.

‘மாட்டானா’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கும் இந்த வழி ஓரிடத்தில் கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் நாம் அத்தை பக்கத்திலேயே குடியிருக்க மாட்டாளா என்று ஏங்கலாம், அவனுக்கு இது தெரிந்திருக்காதா என்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் குடியிருத்தல், தெரிந்திருத்தல், உயரமாக இருத்தல் போன்ற நிலைகளுக்கு இந்த ‘வுட்’ ஒட்டாது. “ஐ விஷ் மை ஆன்ட்டி லிவ்ட் நியரர்”, “ஐ விஷ் ஹி நியூ” என்று வெறும் இறந்தகால வடிவம்தான். அத்தை வீடு மாறி வர வேண்டும் என்று ஒரு செயலைக் கேட்டால் மட்டும் ‘வுட்’ திரும்பி வந்துவிடும்: “ஐ விஷ் ஷி வுட் மூவ் நியரர்”. கோடிட்ட இடத்துக்குக் கொடுத்திருக்கும் வினை ஒரு செயலா, ஒரு நிலையா என்று பார்த்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தில் விழ வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் “ஐ விஷ் யூ வில்” என்ற தொடர் நம் கையை விட்டுப் போக மறுக்கிறது. உடம்பு சரியில்லாதவருக்கு “ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்” என்று செய்தி அனுப்புகிறோம். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு “ஐ விஷ் யூ வில் பாஸ்” என்கிறோம். ‘விஷ்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிறந்தநாள் வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும். வாழ்த்துக்கு ‘விஷ்’ என்றால் நல்லது நடக்கும் என்று வாழ்த்துவதற்கும் அதையே போட்டுவிடுகிறோம். வாழ்த்தும் ‘விஷ்’ஷுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: “ஐ விஷ் யூ சக்சஸ்”, “ஐ விஷ் யூ எ ஸ்பீடி ரெகவரி”. எழுவாயும் வினையுமாக முழு வாக்கியம் தொடர்ந்தால் ‘விஷ்’ நகர்ந்து ‘ஹோப்’புக்கு இடம் கொடுக்க வேண்டும்: “ஐ ஹோப் யூ வில் கெட் வெல் சூன்”. ‘வில்’லைத் திருத்தினால் போதும் என்று நினைத்து அங்கே ‘வுட்’ போட்டு “ஐ விஷ் யூ வுட் கெட் வெல் சூன்” என்று அனுப்பிவிட்டால், சீக்கிரம் குணமாகித் தொலைய மாட்டீங்களா என்று நோயாளியைக் கடிந்துகொண்டது போல ஆகிவிடும். இதில் மாற்ற வேண்டியது முன்னால் இருக்கும் சொல்லைத்தான், பின்னால் இருப்பதை அல்ல.

ஒருவர் முகத்துக்கு நேரே “ஐ விஷ் யூ வுட்” என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். மூன்றாம் மனிதரைப் பற்றி நண்பரிடம் புலம்பும்போது இது சாதாரணம். எதிரில் நிற்பவரிடம் “ஐ விஷ் யூ வுட் லிசன் டு மி” என்றால், நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கினா என்னவாம் என்று கேட்டதற்குச் சமம். கணவன் மனைவிக்குள், அண்ணன் தம்பிக்குள் செல்லும். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் “ஐ விஷ் யூ வுட் கன்சிடர் மை ரிக்வெஸ்ட்” என்று போட்டால், இத்தனை நாளாக என் விண்ணப்பத்தைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று குறை சொல்வது போலத் தொனிக்கும். அங்கே “ஐ ஹோப் யூ வில் கன்சிடர்” என்றே எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மறித்து வண்டியை நிறுத்துகிறார் என்றால், வீட்டுக்குள் “ஐ விஷ் ஹி வுடன்ட் பார்க் தேர்” என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவர் கதவைத் தட்டிச் சொல்லப் போகும்போது “குட் யூ ப்ளீஸ் பார்க் எ லிட்டில் ஃபர்தர் டவுன்?” என்று கேட்பதுதான் ஆங்கிலத்தில் முறை.